ஐந்தாம் நெடுவரிசை தலைகீழ்: சீக்வென்சிங் தரவில் மாறிய மாதிரியையும் கலந்த மாதிரியையும் பிடிக்கும் செய்முறை

பாலினச் சோதனையில் நான்கு மாதிரிகள் பொருந்தாமல் வந்தால், அந்த நான்கை மட்டும் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. ஆண்களும் பெண்களும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கும் தட்டில் இரண்டு குழாய்கள் இடம் மாறினால், இரண்டும் ஒரே பாலினத்தவருடையதாக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அப்படி மாறியவற்றைப் பாலினச் சோதனையால் காட்டவே முடியாது. கண்ணில் பட்டது நான்கு என்றால், இன்னும் நான்கு அளவுக்கு ஒளிந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும். அப்படித் தேடும் முறையை ஒரு தட்டை வைத்துக் கடைசிவரை செய்து பார்ப்பதே இந்தப் பதிவு. தட்டும் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆனால் கணக்கு உண்மையான தரவில் எப்படி வருமோ அப்படியே வரும்.

தட்டு இதுதான். 96 குழிகள், இரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ, முழு மரபணுத் தொகுதி 30 மடங்கு ஆழம். சிங்கப்பூரில் சேகரித்த மாதிரிகள் என்பதால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். சில குடும்பங்களும் உண்டு. குழிகளை நெடுவரிசையாக எண்ணியிருக்கிறோம்: முதல் நெடுவரிசை மேலிருந்து கீழாக 1 முதல் 8, அடுத்தது 9 முதல் 16. அந்தக் கணக்கில் ஐந்தாம் நெடுவரிசையில், A5 முதல் H5 வரை, K33 முதல் K40 வரையிலான மாதிரிகள். B1 குழியில் மரபணு விவரம் ஏற்கெனவே தெரிந்த கட்டுப்பாட்டு டிஎன்ஏ, G12 குழியில் வெறும் நீர்.

பதிவேட்டில் ஐந்தாம் நெடுவரிசையின் பாலினம் மேலிருந்து கீழாக இப்படி: பெண், ஆண், பெண், பெண், ஆண், பெண், ஆண், ஆண்.

முதலில் ரீட் ஆழம்

பாலினத்தைப் பார்க்க இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் எத்தனை ரீட்கள் விழுந்தன என்று எண்ணுவது ஒன்று. எக்ஸில் எத்தனை இடங்கள் ஹெட்டரோசைகஸாக, அதாவது இரண்டு வேறு அலீல்களோடு, உள்ளன என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் செய்ய வேண்டும். முடிவை மட்டும் முதல் வழியில் எடுப்பது நல்லது. காரணம் பின்னால் வரும்.

```
mosdepth -n -x -t 4 -Q 20 --by xy_auto.bed \
  -f GRCh38.fa K33 K33.cram
grep _region K33.mosdepth.summary.txt
```

இதில் உயிர்நாடி அந்த `xy_auto.bed` கோப்பு. ஒய் குரோமோசோமை முழுசாக எடுத்துச் சராசரி பார்த்தால் எண் தாறுமாறாக இறங்கிவிடும். GRCh38-இல் ஒய்யின் நீளத்தில் பாதிக்கும் மேல் எழுத்துத் தெரியாத `N`-களே. எஞ்சியதிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நிறைய. அதனால் ஒய்க்கு மட்டுமே உரிய, ரீட்கள் தெளிவாகப் பொருந்தும் துண்டுகளை மட்டும் கோப்பில் வையுங்கள். எக்ஸின் இரு முனைகளிலும் ஒய்யோடு பொதுவாக உள்ள பகுதிகளை வெட்டிவிட வேண்டும்: GRCh38-இல் `chrX:10001-2781479`, `chrX:155701383-156030895`. இவற்றை விட்டுவைத்தால் ஆண்களிலும் எக்ஸில் ஹெட்டரோசைகஸ் இடங்கள் தோன்றும். ஒப்பீட்டுக்கு ஏதேனும் இரண்டு மூன்று சாதாரணக் குரோமோசோம்களிலிருந்து துண்டுகள் போதும்.

எக்ஸ் ஆழத்தையும் ஒய் ஆழத்தையும் சாதாரணக் குரோமோசோம்களின் ஆழத்தால் வகுத்தால், பெண்ணுக்கு எக்ஸ் 1, ஒய் 0. ஆணுக்கு இரண்டும் 0.5. நம் தட்டில் பொருந்தாமல் வந்தவை நான்கு:

```
id    recorded   X      Y
K33   F          0.49   0.48
K36   F          0.50   0.47
K37   M          0.97   0.03
K40   M          1.00   0.00
```

தட்டு முழுவதுமே பொருந்தவில்லை என்றால் குழாய்களைத் தேடுவதற்கு முன் குறியீட்டைப் பாருங்கள். `.ped` கோப்பில் 1 ஆண், 2 பெண். மருத்துவமனைப் பட்டியல்களில் 0, 1 என்று இருப்பதும் உண்டு. அதை அப்படியே ஒட்டினால் குழாய் எதுவும் மாறாமலே தட்டு பூராவும் மாறியதுபோலத் தெரியும்.

ஒய் மட்டும் குறைந்து, 0.3 அளவில், எக்ஸ் சரியாக 0.5 இருந்தால் அது பெரும்பாலும் வயதான ஆண். வயது ஏற ஏற இரத்த அணுக்களில் ஒரு பகுதி ஒய்யை இழப்பது இயல்பு. ஆண் மாதிரியில் பெண் டிஎன்ஏ கலந்திருந்தால் ஒய் குறையும்போதே எக்ஸ் 0.5-ஐத் தாண்டி ஏறும், எக்ஸில் ஹெட்டரோசைகஸ் இடங்களும் தென்படும். எக்ஸ் 1, ஒய் 0.5 என்று வந்தால் அது இரண்டு எக்ஸ், ஒரு ஒய் உள்ள ஆண். குழாய் மாறவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் இரத்தத்தில் கொடையாளியின் டிஎன்ஏதான் இருக்கும். பாலினமும் உறவும் இரண்டுமே அவரைப் பொறுத்தவரை தப்பாகத் தெரியலாம். பதிவேட்டில் எழுதிய பாலினமும் பிறப்பில் வந்த குரோமோசோமும் வேறாக இருக்கும் மனிதர்களும் உண்டு. அதனால் பொருந்தாத எண் ஒரு கேள்வி மட்டும்தான். அதை வைத்து ஒருவருடைய பதிவைத் திருத்தக் கூடாது.

மாமன் மகள், அத்தை மகள்

எக்ஸின் ஹெட்டரோசைகஸ் கணக்கைப் பார்க்கும் வழியில் `plink --check-sex` ஒவ்வொருவருக்கும் F என்றொரு எண் தரும். எதிர்பார்த்த ஹெட்டரோசைகஸ் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கண்டது எவ்வளவு குறைவு என்பதே அது. இயல்புநிலை எல்லைகளில் 0.2-க்குக் கீழ் பெண், 0.8-க்கு மேல் ஆண், நடுவில் விழுந்தால் சந்தேகம். நம் தட்டில் K12 என்ற இளம்பெண்ணுக்கு F 0.24 வந்திருக்கிறது. ஆழத்திலோ எக்ஸ் 1.00, ஒய் 0.00. சந்தேகமே இல்லாத பெண்.

F ஏறியதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, மூன்று இனத்தவரின் அலீல் அடுக்கத்தையும், அதாவது ஒவ்வோர் அலீலும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும், ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் எதிர்பார்க்கும் ஹெட்டரோசைகஸ் எண்ணிக்கை உண்மையைவிடக் கூடிவிடும். அப்போது தட்டிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் F சற்று மேலே தள்ளப்படும். அடுக்கத்தை ஒவ்வொரு குழுவுக்கும் தனியாகக் கணக்கிட்டால் இது சரியாகும்.

இரண்டாவது காரணம் நம் குடும்பங்களுக்கே உரியது. K12-இன் தந்தை மணந்தது தன் மாமன் மகளை. சாதாரணக் குரோமோசோம்களில் மாமன் மகள் என்றாலும் அத்தை மகள் என்றாலும் பிறக்கும் குழந்தையின் உள்ளிணைவு எண் ஒன்றுதான், 1/16. எக்ஸில் அப்படியில்லை. தந்தை மகளுக்குக் கொடுக்கும் எக்ஸ் அவருடைய தாயிடமிருந்து வந்தது. மாமன் மகளை மணந்திருந்தால், அந்தத் தாயின் சகோதரர்தான் மனைவியின் தந்தை. ஒரே பாட்டியின் எக்ஸ் இரண்டு வழியாகவும் குழந்தைக்கு வந்து சேரலாம். வழியைத் தொடர்ந்து பெருக்கினால் 1/8 வரும். அத்தை மகளை மணந்திருந்தால் பொது முன்னோரின் எக்ஸ் தந்தை வழியில் மகனுக்கு இறங்காது என்பதால் எண் பூஜ்யம். தாய்மாமனையே மணந்த குடும்பத்தில் பிறந்த மகளுக்கும் எக்ஸில் 1/8தான். இது சராசரி மட்டுமே. எக்ஸ் ஒரே ஒரு குரோமோசோம் என்பதால் ஒருவருக்கு 0.05, அவர் தங்கைக்கு 0.3 என்று எளிதாகச் சிதறும். 0.2 என்ற எல்லை இப்படிப்பட்ட பெண்களைத் தொடர்ந்து சந்தேகப் பட்டியலில் தள்ளுகிறது. தமிழ்க் குடும்பங்கள் உள்ள தட்டில் ஆழத்தைப் பார்க்காமல் F-ஐ மட்டும் நம்பி ஒரு மாதிரியை ஒதுக்கினால், நல்ல மாதிரியைத்தான் ஒதுக்கியிருப்போம்.

நான்கு குழிகளின் வடிவம்

பொருந்தாத நான்கும் எங்கே இருக்கின்றன என்று தட்டின் படத்தில் குறித்துப் பாருங்கள். A5, D5, E5, H5. நான்கும் ஒரே நெடுவரிசை. இரண்டு ஓரங்கள், இரண்டு நடு. பட்டியலாக வைத்திருக்கும்வரை இது கண்ணில் படாது. எனவே தட்டைத் தாளில் வரைவதை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை.

பைப்பெட் ஒரு குழி தள்ளிப்போனதா என்று முதலில் பார்க்கலாம். பதிவேட்டின் பாலின வரிசையை ஒரு குழி கீழே நகர்த்தி, வெளியே விழும் கடைசியை முதலில் வைத்து, பழையதோடு ஒப்பிட்டால் ஆறு இடங்களில் முரண்படும். மேலே நகர்த்தினாலும் ஆறுதான். நமக்கு வந்திருப்பது நான்கு. ஆகவே நகரவில்லை. தட்டு முழுவதும் 180 பாகை திரும்பிப்போனதா? அப்படியானால் A1 இடத்தில் H12, B1 இடத்தில் G12 வந்திருக்கும். கட்டுப்பாட்டு டிஎன்ஏ இருக்க வேண்டிய B1-இல் வெறும் நீரின் தரவும், G12-இல் கட்டுப்பாட்டு டிஎன்ஏவும் தெரிந்திருக்கும். இரண்டும் தத்தம் இடத்தில் சரியாகவே உள்ளன.

மிஞ்சுவது இரண்டு. A5-உம் H5-உம் தனியாக மாறின, D5-உம் E5-உம் தனியாக மாறின என்பது ஒன்று. நெடுவரிசை முழுவதும் தலைகீழானது என்பது இன்னொன்று. தலைகீழானால் A↔H, B↔G, C↔F, D↔E என்று நான்கு ஜோடிகள் மாறும். B-யும் G-யும் இருவருமே ஆண், C-யும் F-உம் இருவருமே பெண் என்பதால் அந்த நான்கு மாதிரிகளும் பாலினச் சோதனையில் சத்தமில்லாமல் தேறிவிடும். இரண்டு கருத்துகளுமே நம் நான்கு முரண்களுக்குப் பொருந்துகின்றன. இங்கேதான் உறவுக் கணக்கு தேவைப்படுகிறது.

உறவுக் கணக்கு

```
somalier extract -d ext/ --sites sites.hg38.vcf.gz \
  -f GRCh38.fa K33.cram
somalier relate --ped batch.ped ext/*.somalier
```

முதல் கட்டளையை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்ட வேண்டும். பலரிடமும் மாறுபடும் ஏறத்தாழ 17,000 இடங்களில் எந்த அலீலுக்கு எத்தனை ரீட் என்று அது எண்ணி வைக்கிறது. இரண்டாவது கட்டளை எல்லா ஜோடிகளையும் ஒப்பிடுகிறது. விடை `somalier.pairs.tsv`-இல். அதில் இரண்டு நிரல்களை முக்கியமாகப் படிக்க வேண்டும். `relatedness`: ஒரே ஆள் அல்லது ஒத்த இரட்டையர் என்றால் 1, பெற்றோர்-பிள்ளை அல்லது உடன்பிறப்பு என்றால் 0.5, உறவில்லாதவர் 0. `ibs0`: ஒருவர் ஓர் அலீலின் இரண்டு பிரதிகளையும் மற்றவர் எதிர் அலீலின் இரண்டு பிரதிகளையும் வைத்திருக்கும் இடங்கள். பெற்றோரும் பிள்ளையும் எங்கும் ஓர் அலீலையாவது பகிர்வார்கள் என்பதால் அவர்களுக்கு இது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். உடன்பிறப்புகளுக்கு அப்படி இருக்காது.

உறவைக் கணக்கிடும் இன்னொரு கருவியான KING தரும் எண் இதில் பாதி என்பதை நினைவில் வையுங்கள். அங்கே பெற்றோர்-பிள்ளை 0.25, ஒரே ஆள் 0.5. இரண்டு கருவிகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலந்து, தாயையும் மகளையும் அக்காள் மகள், சித்தி என்று படித்துவிடும் பிழை இங்கிருந்துதான் வருகிறது. வெவ்வேறு இனத்தவரை ஒப்பிடும்போது எண் பூஜ்யத்துக்குக் கீழே போவது இயல்பு. அது கோளாறு இல்லை.

K12-இன் தாய் பதிவேட்டில் K35, குழி C5. தந்தை K11. வந்தவை:

```
a     b     expected   relatedness   ibs0
K11   K12   0.5        0.53          2
K12   K35   0.5        -0.01         1190
K12   K38   0          0.53          3
K11   K38   0          0.12          870
```

K35 மகளோடு எந்த உறவும் காட்டவில்லை. உறவே இல்லாதவராகப் பதிவான K38 தாயாக வந்து நிற்கிறார். K38 இருக்கும் குழி F5, அதாவது C5-இன் கண்ணாடி இணை. பாலினச் சோதனை வாய் திறக்காத ஜோடி இது. A↔H, D↔E, C↔F என்று மூன்று ஜோடிகள் ஒரே வடிவத்தில் விழுந்த பிறகு, நெடுவரிசை முழுவதும் தலைகீழானது என்பதே பொருத்தமான விளக்கம்.

எண் 0.50 ஆக இல்லாமல் 0.53 ஆக இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. பெற்றோர் நெருங்கிய உறவினர் என்றால் பிள்ளையின் ஹெட்டரோசைகஸ் இடங்கள் குறையும். somalier பகிர்ந்த ஹெட்டரோசைகஸ் இடங்களை இருவரில் குறைவானவரின் எண்ணிக்கையால் வகுக்கிறது. முறைப்பெண் திருமணத்தில் அந்த வகுக்கும் எண் 15/16 ஆகக் குறைகிறது. 0.5-ஐ 15/16-ஆல் வகுத்தால் 0.533. தாய்மாமன் திருமணம் என்றால் 0.57. தந்தைக்கும் K38-க்கும் இடையே வந்த 0.12-உம் முறைப்பெண்ணுக்கு எதிர்பார்க்கும் 0.125-ஐ ஒட்டியதே. தாத்தா பாட்டி `.ped` கோப்பில் இல்லாததால்தான் கருவி 0 என்று எதிர்பார்த்தது. ஆக K38 என்ற பெயரில் இருப்பது K12-இன் தாய் என்பதற்கு மூன்று எண்கள் ஒத்துச் சொல்கின்றன.

மீதி ஒரு ஜோடி B↔G. இருவரும் ஆண், இருவரும் சீனர் என்று பதிவானவர்கள், தட்டில் யாருக்கும் உறவில்லை. தரவுக்குள் மட்டும் தேடினால் இவர்களைப் பற்றி எதுவும் கிடைக்காது. இனத்தைக் கொண்டு கண்டுபிடிக்க முயல்வதிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூர் அடையாள அட்டையில் உள்ள இனம் குடும்பப் பதிவு, மரபணுவின் விவரம் அல்ல. 2011 முதல் கலப்புப் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இரட்டை இனப் பெயரும் பதியலாம். சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த இந்திய, மலாய்க் குடும்பங்களும் இங்கே உண்டு. ஒரே ஒரு மாதிரியின் இனம் பொருந்தவில்லை என்பதற்காக மாறிப்போனது என்று எழுத முடியாது. இரண்டு மாதிரிகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பொருந்தாமல் நின்றால் மட்டும் அது துணைச் சான்று.

இன்னொன்று. தாய் 0.5, தந்தை 0 என்று வந்து, தந்தையின் தரவு வேறு எல்லாவற்றிலும் சரியாக இருந்தால், குழாய் மாறியதாக எழுதிவிடாதீர்கள். அது குடும்பத்தின் தனிப்பட்ட விஷயமாக இருக்கலாம். அந்த ஜோடியின் எண் பொதுப் பகிர்வில் போகக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி பெறும் ஒப்புதலில், தற்செயலாகத் தெரியவரும் விவரங்களை என்ன செய்வது என்பதற்கும் இடம் உண்டு. அந்த ஒப்புதல் என்ன சொல்கிறதோ அதன்படி, அதற்குப் பொறுப்பானவரிடம் மட்டும் சொல்ல வேண்டும்.

K37-இல் கலந்தது யார்

மேலே ஆழ அட்டவணையில் K37 தனியாகத் தெரிந்தது. மற்றொரு பெண்ணான K40-க்கு ஒய் 0.00. இவருக்கு 0.03, எக்ஸ் 0.97. ஆணின் ஒய் 0.5. பெண் மாதிரியில் 6 விழுக்காடு ஆண் டிஎன்ஏ கலந்தால் ஒய் 0.06 × 0.5 = 0.03 ஆகும், எக்ஸ் 0.94 + 0.03 = 0.97 ஆகும். இரண்டும் பொருந்துகின்றன. ஆணோடு ஆண் கலந்திருந்தால் இந்தக் கணக்கு எதையும் காட்டாது. அதனால் எல்லா மாதிரிகளுக்கும் தனிச் சோதனை ஓட்டத்தான் வேண்டும்.

```
verifybamid2 --SVDPrefix 1000g.phase3.100k.b38.vcf.gz.dat \
  --Reference GRCh38.fa --BamFile K37.cram --Output K37
```

`K37.selfSM` கோப்பில் `FREEMIX` 0.061. ஆய்வுகளில் வழக்கமாக 0.03-க்கு மேல் போனால் விலக்குவார்கள். பழைய முறையில் எந்த மக்கள் கூட்டத்தின் அலீல் அடுக்கம் என்று நாமே சொல்ல வேண்டியிருந்தது. அதைத் தப்பாகச் சொன்னால் 10 விழுக்காடு கலப்புள்ள மாதிரிகூட 3 விழுக்காடு எல்லைக்குள் தேறிவிடும் என்று இரண்டாம் பதிப்பான verifybamid2-ஐ உருவாக்கியவர்கள் காட்டியிருக்கிறார்கள். மூன்று இனமும் கலந்த தட்டில் இது நேரடியாகத் தாக்கும். இரண்டாம் பதிப்பு மாதிரியின் வம்சாவளியையும் தரவிலிருந்தே மதிப்பிட்டுக்கொள்கிறது. அது பயன்படுத்தும் 1000 ஜீனோம் தொகுப்பில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழரும் தெலுங்கரும் உண்டு, தென் சீனரும் உண்டு. மலாய்க்காரர் தனிக் குழுவாக இல்லை. ஆனால் குழுக்களுக்கு இடைப்பட்ட இடத்திலும் மாதிரியை வைத்துக் கணிப்பதால் வேலை கெடுவதில்லை.

இந்தக் கருவிக்கும் ஒரு வரம்பு உண்டு. கலந்தது தாயோ தம்பியோ என்றால் பாதி அலீல்கள் ஒன்றாகவே இருக்கும். கலப்பு உண்மையைவிடக் குறைவாகத்தான் தெரியும். குடும்பத்தார் ஒன்றாக வந்து இரத்தம் கொடுப்பதால் அவர்களுடைய குழாய்கள் அடுத்தடுத்த குழிகளில் அமர்ந்துவிடுகின்றன. ஆகவே பக்கத்துக் குழிக் கலப்பு எங்கே நடக்க வாய்ப்பு அதிகமோ அங்கேதான் கருவியின் கண் மங்குகிறது. தட்டில் அமர்த்தும்போதே குடும்பங்களைப் பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

`FREEMIX` எவ்வளவு கலந்தது என்று சொல்லும், யார் என்று சொல்லாது. அதற்கு ரீட்களை நேரே எண்ண வேண்டும்.

```
bcftools mpileup -f GRCh38.fa -R panel.bed -q 20 -Q 20 \
  -a AD K37.cram | bcftools query -f '%CHROM\t%POS\t%ALT[\t%AD]\n'
```

K37 ஹோமோசைகஸாக உள்ள இடங்களை மட்டும் எடுங்கள். அங்கே எதிர் அலீலின் ரீட்கள் வந்திருந்தால் அவை வெளியிலிருந்து வந்தவை. இப்போது தட்டிலுள்ள ஒவ்வொருவரையும் சந்தேகத்துக்குரியவராக வைத்து, அந்த இடங்களை இரண்டாகப் பிரியுங்கள்: அவர் எதிர் அலீலுக்கு ஹோமோசைகஸாக உள்ள இடங்கள் ஒரு குவியல், K37-உடைய அதே அலீலுக்கு ஹோமோசைகஸாக உள்ளவை இன்னொன்று. உண்மையாகவே கலந்தவர் என்றால் முதல் குவியலில் எதிர் ரீட்கள் 6 விழுக்காட்டை ஒட்டி வரும், இரண்டாவதில் சீக்வென்சிங் பிழை அளவுக்கு மட்டும் வரும். சம்பந்தமில்லாதவர் என்றால் இரண்டு குவியலிலும் ஏறக்குறைய 3 விழுக்காடு வரும், ஏனென்றால் அவருடைய அலீல் எதுவாக இருந்தாலும் உண்மையில் கலந்தவரிடம் பாதிக்குப் பாதி இரண்டும் இருக்கும்.

```
candidate   opposite_hom   same_hom
K29  (E4)   0.030          0.030
K36  (D5)   0.031          0.029
K38  (F5)   0.029          0.031
K45  (E6)   0.060          0.002
```

இரண்டாவது குவியல்தான் உறுதியான சாட்சி. முதல் குவியலில் 0.045 போல் ஒருவர் வந்தால், அவர் உண்மையில் கலந்தவரின் உடன்பிறப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டாவதில் பூஜ்யத்துக்கு இறங்குவது கலந்தவருக்கு மட்டுமே. யாருக்குமே இறங்கவில்லை என்றால், கலப்பு ஒரே ஆளிடமிருந்து வரவில்லை, அல்லது வந்தது இந்தத் தட்டிலிருந்தே அல்ல. ஒரே குறியீட்டுத் துண்டைப் பல மாதிரிகள் பகிரும் லைப்ரரிகளில் ரீட்கள் குறியீடு தாவி இப்படிச் சிதறலாம். இரு முனைகளிலும் தனித்தனிக் குறியீடு இருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

K45 இருப்பது E6-இல், K37-க்கு வலப்பக்கக் குழி. இதிலிருந்து நேரமும் தெரிகிறது. K37 என்ற பெயரில் இருக்கும் பெண் உண்மையில் K36. அவர் முறைப்படி D5-இல் இருக்க வேண்டியவர். நெடுவரிசை தலைகீழாகும் முன்பே கலந்திருந்தால் பக்கத்தில் இருந்தது D4-உம் D6-உம். கலந்ததோ E6. எனவே முதலில் தலைகீழானது, பிறகு கலந்தது. மேல்-கீழ்க் குழியிலிருந்து கலந்திருந்தால் இதைச் சொல்ல முடியாது. தலைகீழானாலும் மேல்-கீழ் அண்டை மாறுவதில்லை.

மூலக் குழாய்க்குப் போவது

இவ்வளவு தெரிந்த பிறகும் கணினியில் பெயரை மாற்றிவிட்டுப் போகக் கூடாது. B↔G ஜோடிக்கு நம்மிடம் இருப்பது ஊகம்தான். எட்டு பேரின் மூல இரத்தக் குழாய்களிலிருந்தும், இருப்பில் உள்ள டிஎன்ஏ தட்டின் ஐந்தாம் நெடுவரிசையிலிருந்தும், 24 எஸ்என்பி கொண்ட சிறிய பேனலை ஓட்டுங்கள். அலீல் அடுக்கம் பாதியாக உள்ள ஓர் இடத்தில் உறவில்லாத இருவர் ஒரே மாதிரி அமைய வாய்ப்பு 0.375. 24 இடங்களும் தற்செயலாகப் பொருந்த ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. தவறான ஜோடியில் 24-க்கு 9 அளவில் பொருந்தும். சரியான ஜோடியில் 23 அல்லது 24. கலப்புள்ள K37-இல் ஒன்றிரண்டு இடங்கள் படிக்க முடியாமல் போகலாம், அதைப் பொருந்தாததாக எண்ணக் கூடாது.

எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, இடப்பக்கம் மூலக் குழாய், மேலே சீக்வென்சிங் தரவு என்று எழுதினால், 24-கள் மேல் வலது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கு இறங்கின. B-யும் G-யும் அதில் அடக்கம். டிஎன்ஏ தட்டை மூலக் குழாயோடு ஒப்பிட்டபோது அதே 24-கள் மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு நேராக இறங்கின. ஆக இருப்புத் தட்டு சரி, பிழை லைப்ரரி செய்யும்போது. அந்த வேலையின்போது எட்டுக் குழாய் ஸ்டிரிப் ஒன்று மையவிலக்கியிலிருந்து எடுத்துத் திரும்ப வைக்கப்படுகிறது. ஸ்டிரிப்பின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் எந்தப் பக்கமும் தாங்கியில் உட்காரும்.

திருத்தும்போது கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. CRAM தலைப்பில் உள்ள `SM`, VCF-இன் நிரல் பெயர், தரச்சோதனை அட்டவணை மூன்றிலும் பழைய பெயர் தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து யாராவது தலைப்பை நம்பித் திரும்பவும் மாற்றிவிடுவார்கள். சாம்பிள் ஷீட்டில் எட்டு வரிகளையும் திருத்தி, FASTQ பிரிப்பதிலிருந்து மறுபடி ஓட்டுவதே பாதுகாப்பு. பழைய கோப்புகளை வேறு அடைவில் பூட்டி, ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். K37 என்று வந்த மாதிரிக்குப் பெயர் திருத்தம் போதாது. அதை இருப்பு டிஎன்ஏவிலிருந்து K36 என்ற பெயரில் புதிய லைப்ரரியாகச் செய்ய வேண்டும். K45-க்குத் தன்னுடைய `FREEMIX` 0.001 என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

ஸ்டிரிப்களில் A முனையைக் கரையாத மார்க்கரால் பக்கவாட்டில் குறியுங்கள். மூடியில் குறிக்காதீர்கள், மூடி கழன்று வேறு ஸ்டிரிப்புக்குப் போய்விடும். B1-இலும் G12-இலும் உள்ள கட்டுப்பாடுகள் தட்டு திரும்பியதைக் காட்டுமே தவிர, ஒரு நெடுவரிசை திரும்பியதைக் காட்டாது. அதற்கு ஒவ்வொரு நெடுவரிசையிலும் கண்ணாடி இணைகளில் ஒரு ஜோடியாவது ஆண்-பெண்ணாக வரும்படி அமர்த்தினால், எந்த ஸ்டிரிப் தலைகீழானாலும் பாலினச் சோதனையிலேயே இரண்டு முரண்கள் எட்டிப்பார்க்கும்.